நாபிறழ் வரியும் விடுகதையும்: மொழிபெயர்க்கவா, புதிதாகக் கட்டவா?

கேள்வி: ஆங்கிலக் குழந்தைகள் புத்தகம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் நாபிறழ் வரிகளையும் விடுகதைகளையும் மொழிபெயர்த்தால் உப்புச் சப்பில்லாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பொருளை விட்டுவிடுங்கள். அந்த வரி நாக்கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ‘ஷீ செல்ஸ் ஸீ ஷெல்ஸ்’ வரியை எடுத்துக்கொள்வோம். ஷ, ஸ, ஸ, ஷ என்று ஒலி போய்த் திரும்புகிறது, நடுவில் இருக்கும் உயிரோ இரண்டே இரண்டுதான், அதனால் வேகமாகச் சொல்லும்போது நாக்கு எந்த ஒலியில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுகிறது. ‘அவள் கடற்கரையில் கிளிஞ்சல் விற்கிறாள்’ என்றால் செய்தி வந்துவிட்டது, ஆனால் நாக்குக்கு வேலையே இல்லை. தமிழில் அப்படி அருகருகே நின்று குழப்பும் ஒலிகள் என்று தேடினால் ள, ழ உடனே நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நாக்கு மடிய வேண்டும், ஆனால் ளகரத்தில் மேலண்ணத்தைத் தொடும், ழகரத்தில் தொடாது. படத்தில் கடலும் சிப்பியும் இருந்ததால் நான் சோழியைப் பிடித்துக்கொண்டேன்:

சோழி அள்ளும் தோழி,
தோழி தோளில் சோழி.

இரண்டாவது வரியை நிறுத்தாமல் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். தோழிக்கும் தோளுக்கும் முதல் எழுத்து ஒன்று, தோழிக்கும் சோழிக்கும் கடைசி எழுத்து ஒன்று. அதனால் ‘தோளி தோழில்’ என்று மாறி விழும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் ழகரத்தை ளகரமாகவே சொல்லும் ஊர்கள் நிறைய. அங்கே வளரும் பிள்ளைக்கு இந்த வரியில் பாதிப் பிறழ்ச்சி காணாமல் போய்விடும், அது அந்தப் பிள்ளையின் குறை அல்ல. (தோ, சோ மாற்றம் மிச்சம் இருப்பதால் வரி முழுதாகச் செத்துவிடாது.) ர, ற நிலையும் ஏறக்குறைய இதுதான். எல்லா ஊரிலும் தெளிவாகப் பிரிந்து நிற்பவை த்த, ட்ட. ‘யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை’ எங்கே போனாலும் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் புத்தகத்தின் முக்கியமான வரியை இந்த இணையில் கட்டுங்கள். மிளகாய் பறிக்கும் பக்கம் ஒன்றுக்கு நான் எழுதியது:

பாட்டி கட்டின பாத்தி பத்து,
பத்துப் பாத்தியும் பாட்டி சொத்து.

எழுதியதும் நீங்களே வாசித்துத் திருப்திப்பட வேண்டாம், எழுதினவருக்கு வரி மனப்பாடம் ஆகியிருக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துக் கேளுங்கள். முதல் முறை சரியாக வந்து, இரண்டாவது மூன்றாவது முறையில் தடுக்கினால் வரி நன்றாக இருக்கிறது. முதல் முறையே தடுக்கினால் சொல் கடினம் என்று அர்த்தம், மாற்றுங்கள்.

அப்புறம் விடுகதை. ‘கைகள் உண்டு, தட்டத் தெரியாது’ என்ற ஆங்கில விடுகதைக்கு விடை கடிகாரம். இதை அப்படியே தமிழில் போட்டேன், ஒரு பிள்ளை சட்டை என்றது, இன்னொன்று நாற்காலி என்றது. இரண்டும் சரியான விடை! சட்டைக்கும் கை உண்டு, நாற்காலிக்கும் கை உண்டு, கடிகாரத்துக்குத்தான் தமிழில் கை கிடையாது, முள்தான். பிள்ளைகள் நியாயமான வேறு விடை சொன்னால் சிலேடை தமிழுக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, விடையை வைத்துக்கொண்டு கேள்வியைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். கடிகாரத்தைப் பற்றி நாம் என்னென்ன சொல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதினேன்: முள், ஓடுது, நின்னுடுச்சு, சாவி கொடு, மணி அடிக்குது. இதில் முள், ஓடுது இரண்டுக்குமே வேறு பொருள் உண்டு. முதலில் ‘முள்ளிருக்கும், மீனில்லை’ என்று மட்டும் எழுதியபோது முள்கரண்டி என்று பதில் வந்தது. கடைசியில் இப்படி நின்றது:

முள்ளிருக்கும், மீனில்லை,
முள்ளிருக்கும், செடியில்லை,
நாள் முழுக்க ஓடும்,
நாலடியும் நகராது. அது என்ன?

மூன்றாவது வரி முடியும்போது பிள்ளைகள் ‘முள்ளம்பன்றி’ என்று கத்துவார்கள், கத்தட்டும். நான்காவது வரி வந்து அதைத் தட்டிவிடும், அதற்காகவே அந்த வரிசை. நகராது என்பதை முதலிலேயே வைத்தால் இந்த ஏமாற்றம் போய்விடும்.

ஓவியத்தில் கடிகாரத்துக்குக் கையுறை மாட்டிய கைகள் வரைந்திருந்தால் முன்கூட்டியே பதிப்பாளரிடம் பேசிவிடுங்கள், அச்சுக்குப் போகும் நேரத்தில் படத்தை மாற்ற யாரும் ஒப்பமாட்டார்கள். மாற்ற முடியாது என்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு, கை உள்ள வேறு பொருளை விடையாக்கிப் புதிதாக ஒன்று எழுதுங்கள். பிள்ளைகள் சொன்ன சட்டையே இருக்கிறது: கை உண்டு, விரல் இல்லை, கழுத்து உண்டு, தலை இல்லை.