கன்னத்து மச்சத்தை யாரைக் கேட்டு எடுப்பது?

அண்ணா, வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறேன், ஆல்பமும் நானே டிசைன் செய்கிறேன். போன வாரக் கல்யாணத்தில் பெண்ணுக்கு இடது கன்னத்திலிருந்து தாடை வரை சிவந்த பிறவி மச்சம். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆல்பத்துல அது தெரியக் கூடாது தம்பி" என்றார். பெண் எதுவும் சொல்லவில்லை. பணம் தருவது அவர்கள்தான். எடுத்துவிடலாமா? பெண்ணிடம் கேட்பதென்றால் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

– ர., திண்டுக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

இப்போதைக்கு எடுக்காதீர்கள். பணம் யார் தந்தாலும் முகம் அந்தப் பெண்ணுடையது, அவர் வாயால் ஒரு வார்த்தை வரும்வரை அந்தக் கன்னத்தில் பிரஷ் வைக்க வேண்டாம். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இருபது இருபத்தைந்து வருடமாக உறவுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருப்பார், ஆல்பத்தைப் புரட்டும்போதாவது யாரும் கேட்காமல் இருக்கட்டுமே என்று நினைத்திருப்பார். ஆனால் அது அம்மாவின் வலி. மகளுக்கும் அதே வலிதான் இருக்கிறது என்று நாமாக முடிவுசெய்ய முடியாது.

நான் இதைத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் புருவத்துக்கு மேல் இருந்த தழும்பை, யாரும் சொல்லாமலே, எல்லா குளோசப்பிலும் அழித்துவிட்டேன். நன்றாகச் செய்திருக்கிறேன் என்ற பெருமை வேறு. ஆல்பத்தைப் பார்த்த அந்தப் பெண் கோபப்படவில்லை, "அப்ப இது உங்களுக்கு அசிங்கமா தெரிஞ்சுதாண்ணா?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கங்களை என் செலவில் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கேட்காமல் அழிக்கும்போது நாம் அவர் முகத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொல்லிவிடுகிறோம், அதுவும் அவருடைய கல்யாண ஆல்பத்தில்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வழக்கம்தான். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் விஷயங்களை, பரு, கொசுக்கடி, ஷேவிங்கில் பட்ட வெட்டு போன்றவற்றை, கேட்காமலே எடுத்துவிடுவேன். அடுத்த வருடமும் அந்த முகத்தில் இருக்கப்போகிற மச்சம், தழும்பு, வெண்புள்ளி எதையும் அவர்கள் சொல்லாமல் தொடமாட்டேன். இதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே பெண், மாப்பிள்ளை இருவரிடமும் சொல்லிவிடுவேன், முகத்தில் ஒன்றுமே இல்லாதவர்களிடமும் கூட. எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று தெரிந்தால் யாருக்கும் சுருக்கென்று இருக்காது.

முன்கூட்டிக் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு, மச்சத்தைக் காட்டுவதா மறைப்பதா என்று மேக்கப், ஆல்பம், வீடியோ மூன்றுக்கும் ஒரே முடிவாக எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் என்ன ஆகும்? மேக்கப் போடுபவர் சிவந்த மச்சத்தின் மேல் பச்சைச் சாயல் கரெக்டர் வைத்து மறைத்திருப்பார். ஓமப் புகையிலும் வியர்வையிலும் அது கரைந்து, தாலி கட்டும்போது லேசாகவும் பந்தியில் உட்காரும்போது முழுதாகவும் மச்சம் வெளியே வந்துவிடும். ஒரே ஆல்பத்தில் மூன்று விதமான கன்னம். உங்கள் ஃபைல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், அநேகமாக இது அங்கே இருக்கும். அப்புறம் வீடியோ இருக்கிறது. ஆல்பத்தில் மச்சமே இல்லாமல், வீடியோவில் முழு மச்சத்தோடு இருந்தால், மறைக்க நினைத்ததே பெரிதாகக் கண்ணில் படும். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியும், நியாயம் பேசுவதைவிட இது சீக்கிரம் வேலைசெய்யும்.

சரி, பெண்ணிடம் எப்படிக் கேட்பது? "மச்சத்தை எடுத்துடட்டுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதிலேயே எடுக்க வேண்டிய பொருள் என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. "அம்மா எடுக்கச் சொன்னாங்க" என்றும் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள் சண்டையை நாம் மூட்டக் கூடாது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் சாக்கில் அவருக்கே நேராக ஒரு செய்தி அனுப்புங்கள்: "பரு, கீறல் மாதிரி போயிடுற விஷயங்களை மட்டும் எடுக்கிறது என் வழக்கம். மத்தபடி உங்க முகம் இருக்கிறபடியே வெச்சிருக்கேன். எதையாவது குறைக்கணும், மாத்தணும்னு நினைச்சா சொல்லுங்க, உங்க விருப்பப்படி செய்யறேன்." அவ்வளவுதான். மச்சம் என்ற சொல்லே அதில் இல்லை, பாருங்கள். அவருக்கு வேண்டுமென்றால் அவரே அந்தச் சொல்லைச் சொல்வார். "இப்படியே இருக்கட்டும்" என்று வந்தால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள், "நிஜமாவா?" என்று திருப்பிக் கேட்க வேண்டாம். அம்மாவிடம் "பொண்ணுகிட்ட கேட்டுட்டேன்மா, அவங்க இப்படியே போதும்னு சொல்லிட்டாங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள், அதுவும் அவர் உரிமைதான், அவருக்குப் பாடம் நடத்த நமக்கு வேலையில்லை. ஆனால் எல்லா படத்திலும் கைவைப்பதற்கு முன் ஒரே ஒரு குளோசப்பை மூன்று விதமாகச் செய்து அனுப்புங்கள்: அப்படியே இருப்பது, பாதி குறைத்தது, முழுக்க எடுத்தது. முழுதாக எடுக்கச் சொல்லி வருகிற பலர், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் நடுவில் இருப்பதைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முழுக்க எடுத்ததில் தங்கச்சியைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

செய்யும்போது ஹீலிங் பிரஷ் எடுக்காதீர்கள். இந்தச் சிவந்த மச்சம் பெரும்பாலும் தட்டையானது, தோலின் துளைகளும் வரிகளும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும்தான் வேறு. ஹீலிங் பிரஷ் வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்டும், தாடை ஓரத்தில் அது மெழுகு மாதிரி வழவழப்பாகிவிடும். அதற்குப் பதில் Hue/Saturation, Curves இரண்டையும் தனி லேயராகப் போட்டு, மச்சத்தின் மேல் மட்டும் மாஸ்க் வரைந்து, சிவப்பைக் குறைத்துக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுங்கள். ஓரத்தை மென்மையாக விடுங்கள். அந்த லேயர்களின் Opacity 50 வைத்தால் அதுதான் உங்கள் பாதி குறைத்த படம். தழும்பு வேறு ஜாதி, அது மேடும் பள்ளமும், நிழல்தான் அதைக் காட்டுகிறது, படம் பிடிக்கும்போதே முன்பக்கமிருந்து பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்தால் பாதி அமுங்கிவிடும்.

சில படங்களில் மட்டும், கேட்டாலும் "வேண்டாமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். வரன் பார்க்க அனுப்பும் படம் அதில் முதலாவது. படத்தில் இல்லாத மச்சத்தோடு அந்தப் பெண் கூடத்தில் வந்து நிற்கும்போது, எதிரில் இருப்பவர்கள் முகம் மாறுவதை அவர்தான் பார்க்க வேண்டியிருக்கும். படத்திலேயே தெரிந்தால், பார்த்துப் பிடித்தவர்கள்தான் வீடு தேடி வருவார்கள். பாஸ்போர்ட், விசா படம் என்றால் பேச்சே இல்லை, செய்ய முடியாது என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதிவைப்பதே இந்த மச்சத்தைத்தானே. அடுத்தது கைக்குழந்தை. பிறந்த சில வாரத்தில் தடித்துச் சிவந்து வளரும் ஒரு வகை மச்சம் இருக்கிறது, சில வருடங்களில் பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும். முதல் பிறந்தநாள் படத்தில் அதை அழித்துவிட்டால், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு அப்போது தான் எப்படி இருந்தோம் என்பதே தெரியாது. பெற்றோர் கேட்டால் திருத்திய படத்தோடு திருத்தாததையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

அந்த மணப்பெண் மச்சத்தை எடுக்கச் சொன்னாலும் அந்த லேயர்களை ஒன்றாகச் சேர்த்து மூடிவிடாமல் பி.எஸ்.டி. ஃபைலாகவே வைத்திருங்கள். ஆல்பம் வாங்கிப்போன பிறகு, "அண்ணா, அந்த மாலை மாத்துற படம் மட்டும் என் முகத்தோட இருக்கிற மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று எனக்கு ஃபோன் வந்ததுண்டு. லேயரை அணைத்துவிட்டு அன்றைக்கே அனுப்ப முடிந்தது.

அன்புடன்,
அண்ணன்