ஆசிரியருக்குப் போகாத வினாத்தாள் படம்

கேள்வி: வினாத்தாளைப் போட்டோ எடுத்து, "தயவுசெய்து இதைத் தீர்த்துத் தாருங்கள்" என்று ஒரு வரியும் எழுதி என் கணக்கு ஆசிரியருக்கு அனுப்பினேன். என் போனில் படம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கோ படம் வரவே இல்லையாம், அந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறதாம். என்ன செய்வது?

பதில்: உங்கள் போனில் தெரிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் போனிலேயே இருக்கும் படத்தைத்தான். எழுதிய வரி சில எழுத்துகள்தான் என்பதால் உடனே போய்விடும். படம் பல ஆயிரம் மடங்கு கூட பெரியதாக இருக்கலாம். அது தனியாக மேலே ஏறி முடிய வேண்டும். அதற்குள் செயலியை மூடினாலோ சிக்னல் அறுந்தாலோ வரி போயிருக்கும், படம் போயிருக்காது.

எது நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: படம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன தெரிகிறது? ஒன்றுமே இல்லை, அல்லது சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருக்கிறது என்றால், படம் ஏறி முடியாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். `.heic` என்று முடியும் கோப்பு வந்திருக்கிறது, திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஐபோன் படம். பழைய கணினிகள் பலவற்றில் திறக்காது. `Settings` → `Camera` → `Formats` போய் `Most Compatible` என்று மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள், சாதாரண ஜேபெக் படமாக வரும். அனுமதி கேட்கிறது என்றால் நீங்கள் அனுப்பியது படம் அல்ல, டிரைவ் இணைப்பு. அதில் `Anyone with the link` என்று மாற்ற வேண்டும்.

சரி, மறுபடி அனுப்பும்போது முழுத் தாளையும் அனுப்பாதீர்கள். இப்போதைய போன் படம் 4032 × 3024 புள்ளிகளோ அதற்கு மேலோ கூட இருக்கலாம். ஏ4 தாள் முழுவதையும் படிக்கவே நீளவாக்கில் சுமார் 1,750 புள்ளிகள் போதும். வேண்டிய கணக்கை மட்டும் வெட்டி எடுத்தால் கோப்பு சின்னதாகிவிடும். ஆனால் வெட்டும்போது பகுதியின் தலைப்பில் இருக்கும் குறிப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடலாம், அதைக் கவனியுங்கள். "π = 22/7 எனக் கொள்க" என்ற வரி போய்விட்டால், ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பு 154 ச.செ.மீ. என்று வர வேண்டியது, 3.14 போட்டவருக்கு 153.86 என்று வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் நான் சொல்வது, கணக்கை எழுத்திலும் தட்டி அனுப்புங்கள். படம் மறுபடி சிக்கினாலும் ஆசிரியர் அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடுவார். தட்டும்போது உயிரே அடைப்புக்குறியில்தான் இருக்கிறது. தாளில் கோட்டுக்கு மேலே 1, கீழே x + 2 என்று அச்சாகியிருக்கும். அதை அவசரத்தில் இப்படித் தட்டுவார்கள்:

```
1/x+2 = 3
```

இதைப் படிப்பவர் 1/x உடன் 2-ஐக் கூட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்; x = 1 என்று விடை வரும். தாளில் இருப்பது இது:

```
1/(x+2) = 3
```

இங்கே x + 2 = 1/3, ஆகவே x = -5/3. இரண்டு விடையும் அதனதன் சமன்பாட்டுக்குச் சரிதான். அதனால் ஆசிரியருக்குச் சந்தேகமே வராது, தவறான கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். x வர்க்கத்துக்கு `x^2` என்றும், வர்க்கமூலத்துக்கு `sqrt(x+5)` என்றும் எழுதினால் கணக்கு ஆசிரியர்களுக்குப் புரியும்.

வடிவியல் கணக்கு என்றால் படம் இல்லாமல் எப்படி என்று தயங்க வேண்டாம். படத்தை வாயால் சொல்வது போல எழுதுங்கள்: "முக்கோணம் ABC. கோணம் B = 90°. AB = 6, BC = 8. B-யிலிருந்து AC-க்குச் செங்குத்துக் கோடு, அது AC-யைத் தொடும் இடம் D. BD எவ்வளவு?" இதைப் படித்து எவரும் தாளில் வரைந்துவிடலாம். AC = 10, BD = 6 × 8 / 10 = 4.8 என்று விடையும் வந்துவிடும். D எங்கே இருக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் D என்பது AC-யின் நடுப்புள்ளியோ என்று ஆசிரியர் நினைக்கலாம், அப்போது BD = 5 ஆகிவிடும்.

அப்புறம், கணக்கில் எந்த வரி வரைக்கும் நீங்களே வந்தீர்கள் என்பதையும் கீழே தட்டிவிடுங்கள். நீங்கள் தட்டியதில் ஏதாவது பிசகு இருந்தால் அந்த வரியைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.