கடைசிப் புள்ளியைப் பற்றி எப்படிப் பேசுவது?

*கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் குன்னூரில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வாலிபால் ஆட்டம். மூன்றாவது செட்டில் 14-13 என்று முன்னிலையில் இருந்தோம். எதிரணிப் பெண் அடித்த பந்து எங்கள் பிளாக்கரின் விரலில் உரசித்தான் வெளியே விழுந்தது. நடுவர் கவனிக்காமல் 'அவுட்' கொடுத்தார், ஜெயித்துவிட்டோம். பட்டது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் எதிரணியின் முகத்துக்கு நேராகக் கத்திக் குதித்தார்கள். திரும்பும் பஸ்ஸில் நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எல்லாரும் 'சரி மிஸ்' என்றதோடு சரி. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எப்படிப் பேசியிருக்க வேண்டும்?*

அன்புள்ள டீச்சர்,

'எனக்கும் தெரியும்' என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்களே, பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பந்து விரலில் பட்டதைப் பார்த்துவிட்டு மிஸ் சும்மா நின்றதைப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். அதே மிஸ் பஸ்ஸில் நேர்மையைப் பற்றிப் பேசும்போது 'சரி மிஸ்' என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த பயிற்சியில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "நானும் பார்த்தேன். ஜெயிச்ச சந்தோஷத்தில் நானும் வாயைத் திறக்கலை" என்று சொல்லிவிடுங்கள். விளக்கமோ சமாதானமோ சேர்க்காதீர்கள். பிள்ளைகள் வாய் திறப்பது அதற்கப்புறம்தான்.

என் பங்குக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதேபோல ஒரு டச்சை மறைத்த பெண்ணை அணியின் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டாள். மறுவாரத்திலிருந்து மைதானத்துக்கே வரவில்லை. மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டது, மிஸ் பார்க்காதபோதுதான் மறைக்க வேண்டும் என்பதை. அதனால் உங்கள் பிளாக்கரின் பெயரை வட்டத்தில் யாரும் எடுக்கக் கூடாது. அவளிடம் முன்கூட்டியே தனியாக, மைதானத்துக்கு நடந்து வரும்போது பேசிவிடுங்கள். "அந்தப் பந்தைப் பற்றி இன்னைக்குப் பேசப்போறோம், உன்னைப் பற்றி இல்லை" என்று ஒரு வார்த்தை போதும்.

இனிமேல் வரும் ஆட்டங்களுக்கு, பேசும் நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் எதுவும் காதில் ஏறாது. பஸ்ஸில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நம் ஊரில் நாலு மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கிவிடும், வியர்வை காய்வதற்குள் குளிர் ஏறும். முதலில் ஸ்வெட்டரைப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கட்டும். பிறகு மைதானத்து ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். பத்து நிமிடம் தாண்டினால் அது மறுபடியும் பிரசங்கமாகிவிடும்.

முதல் கேள்வி என்ன நடந்தது என்பதைப் பற்றி மட்டும் இருக்கட்டும். "அந்தக் கடைசிப் பந்தில் யார் யார் என்ன பார்த்தீங்க?" ஒருத்தி சத்தம் கேட்டது என்பாள், இன்னொருத்தி பந்து திசை மாறியது என்பாள். சரியா தவறா என்ற தீர்ப்பு இதில் வராததால் பயமில்லாமல் பேசுவார்கள். அடுத்து, "வலைக்கு அந்தப் பக்கம் அடித்த பெண்ணுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்?" இதைக் கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அமைதி தாங்காமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் நம் வேலையில் இருக்கிற பெரிய வியாதி.

எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால், அதுவும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால், அது உங்களுக்காகச் சொல்லும் பதில். அப்போது கேள்வியைக் காலுக்கு மாற்றுங்கள். "கையைத் தூக்கி ஒத்துக்கணும்னு நினைக்கிறவங்க இந்தக் கோட்டுக்கு வாங்க, நடுவர் வேலையை நடுவர் பார்க்கட்டும்னு நினைக்கிறவங்க அந்தக் கோட்டுக்குப் போங்க." நடுவிலும் நிற்கலாம். அந்தக் கோட்டில் நிற்பவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். "நமக்கு எதிரா நடுவர் தப்பு பண்ணும்போது யாரு மிஸ் ஒத்துக்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்பாள். நியாயமான கேள்வி. மற்றவர்கள் அவளுக்குப் பதில் சொல்லட்டும்.

பேச்சு தேங்கினால் 1980 மும்பை டெஸ்ட் கதையைச் சொல்லுங்கள். இந்தியாவின் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தடுமாறிய பிறகு, போத்தமோடு சேர்ந்து நிதானமாக ஆடிக்கொண்டிருந்த பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். மட்டையில் பந்து படவில்லை என்பதால் விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்து ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள், இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. தோற்றதை மறைக்காமல் சொல்லுங்கள். நேர்மையாக இருந்தால் ஜெயிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தால், முதல் தோல்வியிலேயே பிள்ளைகள் நம்மைப் பொய்யர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். "நீங்க கேப்டனா இருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?" என்று கேட்டு, அதற்கு முடிவு சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி, "அடுத்த தடவை என்ன செய்வோம்?" இதற்குப் பதில் உடம்பால் செய்கிற ஒரு காரியமாக இருக்க வேண்டும். 'நேர்மையாக இருப்போம்' என்று யாராவது சொன்னால், "கை என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பட்ட உடனே பிளாக்கர் கையைத் தூக்குவது என்று அவர்களே முடிவு செய்தால் நல்லது. நடுவரிடம் பேசுகிற உரிமை கேப்டனுக்குத்தான் என்பதால், கையைப் பார்த்ததும் கேப்டன் போய்ச் சொல்ல வேண்டும். அதுவும் அந்தக் கணமே. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்தான பிறகு சொல்லிப் பயனில்லை. சொந்த அணியின் தவறை மூடி மறைக்கக் கூடாது என்பது சர்வதேச வாலிபால் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் காட்டுங்கள், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் 14-13-ல் அந்தக் கை தானாக எழும்பாது. பழக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நடுவரே இல்லாமல் ஆட விடுங்கள். டச், வலையில் கைபடுவது, கோடு மிதிப்பது எல்லாவற்றையும் அவரவரே சொல்லட்டும். முதல் வாரம் சண்டை வரும். விசிலை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள், அந்தச் சண்டையையே அன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்திக் குதித்ததற்குத் திட்டுவதைவிட இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எதிரணியில் ஒருத்தி செய்த ஒரு நல்ல காரியத்தை, சட்டை எண்ணோடு ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். 'நல்லா ஆடினாங்க' என்பது செல்லாது. "7-ம் நம்பர், தேயிலைச் செடிப் பக்கம் போன பந்தை ஓடி எடுத்தாள்" என்றால் செல்லும். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ஆடும்போதே எதிரே இருப்பவளைப் பார்க்க வேண்டியிருக்கும். சொன்னதை அந்த 7-ம் நம்பரிடமே போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள், கையில் எதையாவது கொடுத்து அனுப்பினால் சுலபமாகிவிடும்.

அந்தக் குன்னூர் அணியோடு மறுபடி ஒரு நட்பு ஆட்டம் கேட்டு வாங்குங்கள். போகும்போது வர்க்கியைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமும் 12 பேர் இருப்பார்கள்.