தூக்கச் செயலிகள்: கிருஷ்ணகிரி உளவியலாளரிடம் கேள்வி பதில்

பாலக்கோடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: மழைச் சத்தம், புல்லாங்குழல் எல்லாம் வரும் ஒரு செயலி வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கே படுத்து ஐந்தரை வரை புரளுகிறேன். ஐந்து மணி நேரம் தூங்கினால் பெரிசு. வேறு நல்லதாகச் சொல்லுங்கள்.

சார், அது பாட்டுப் பெட்டி. கேட்க இதமாக இருக்கும், அவ்வளவுதான். தூக்கமின்மைக்கான செயலி முதல் ஒன்றிரண்டு வாரம் உங்களை மாற்றவே முயலாது. எப்போது படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் கேட்டுக் குறித்துக்கொள்ளும்.

உங்கள் கணக்கையே போடுவோம். படுக்கையில் எட்டரை மணி நேரம், தூக்கம் ஐந்து. அதாவது 59 சதவீதம். அடுத்து அது சொல்வதைக் கேட்டால் கோபம் வரும்: இரவு 11.30க்கு முன் படுக்காதீர்கள், காலை ஐந்துக்கு எழுந்துவிடுங்கள், பகலில் கண்ணயராதீர்கள். தூக்கம் வராமல் இருபது நிமிஷம் போல ஆகிவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து ஐந்தரை மணி நேரத்தில் 4 மணி 50 நிமிஷம் தூங்கியிருந்தால் 88 சதவீதம். 85ஐத் தாண்டியதால் கால் மணி நேரம் கூடும், 11.15க்குப் படுக்கலாம். தாண்டாவிட்டால் நேரம் அப்படியே நிற்கும். இப்படி வாராவாரம் நகரும். ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதிய முறை இது. இந்தக் கணக்கு இல்லாத செயலிக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொக்கும். பலர் செயலியை அழிப்பது அப்போதுதான்.

அரூர்: மேடம், மனுஷனுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேணும்னு டாக்டருங்களே சொல்றாங்க. நீங்க குறைக்கச் சொல்றீங்களே?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது சரிதான். ஆனால் நான் குறைக்கச் சொன்னது படுக்கையில் கிடக்கும் நேரத்தை. கட்டிலில் மூன்றரை மணி நேரம் விழித்துக் கிடப்பது எந்தக் கணக்கில் தூக்கம்?

அரூர்: என் கைக்கடிகாரம் ஆழ்ந்த தூக்கம் 12 நிமிஷம்னு காட்டுது. காலையில எழுதிக் குறிக்கிறதை விட அது துல்லியம் இல்லையா?

அது அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கமாக எழுதிவிடும். காலையில் நன்றாக எழுந்தவர்கூட அந்த 12ஐப் பார்த்து அன்றைக்கு முழுக்கச் சோர்ந்து திரிகிறார். கழற்றி வையுங்கள்.

ஓசூர்: அரூர்க்காரர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. என் கடிகாரம் குறட்டையைக் காட்டிக்கொடுத்ததாலதான் டாக்டரிடம் போனேன், மூச்சுத் தடைன்னு தெரிஞ்சுது.

அப்படியானால் நல்லது. குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம் என்றால் செயலி வேலைக்கு ஆகாது, பரிசோதனை வேண்டும். ஆனால் அதைக் கடிகாரத்துக்கு முன்பே பக்கத்தில் படுப்பவர் சொல்லியிருப்பார்.

ஓசூர்: நான் தனியா படுக்கிறேன் மேடம்.

சரி, உங்கள் விஷயத்தில் கடிகாரம் ஜெயித்தது.

தொப்பூர்: நான் லாரி டிரைவர். வாத்தியாருக்குச் சொன்னதை நானும் இன்னிக்கே ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம் அண்ணா. முதல் வாரங்களில் அதிகத் தூக்கக் கலக்கம் வரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது நமக்கு ஆகாது. வண்டியை விட்டு விடுப்பில் இருக்கும்போது, டாக்டர் மேற்பார்வையில் செய்யலாம். வலிப்பு உள்ளவர்களும், இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் தானாகத் தொடங்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் ஒருவருக்கு வலிப்பு வரலாம், மற்றவருக்கு அதீத உற்சாகம் கிளம்பிவிடும். நல்ல செயலி இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே கேட்டு, ஆமாம் என்றால் வாசலிலேயே நிறுத்தும்.

பென்னாகரம்: எந்த செயலி நல்லதுன்னு பேரை மட்டும் சொல்லுங்க.

மேலே ஆசிரியருக்குச் சொன்னதைப் படியுங்கள். பெயர் வேண்டுமென்றால், அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறையின் Insomnia Coach இலவசம், ஆங்கிலத்தில் இருக்கிறது. Sleepio என்ற செயலியை இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் அமைப்பான NICE 2022இல் பரிந்துரைத்தது.

காவேரிப்பட்டினம்: அம்மா பத்து வருஷமா தூக்க மாத்திரை சாப்பிடுறாங்க. செயலி போட்டுட்டு மாத்திரையை நிறுத்திடலாமா?

திடீரென்று நிறுத்தவே கூடாது. வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள். செயலியைக் கூடவே நடத்தலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

தருமபுரி: நல்ல செயலி எதுங்க?

பென்னாகரத்துக்குச் சொன்ன பதில்தான்.

ஓசூர், இன்னொருவர்: வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுது. இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்?

நிலையான விழிப்பு நேரம் இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், ஷிப்டின் கடைசிப் பாதியில் காபி வேண்டாம். அதற்கு மேல் உங்களை நேரில் பார்த்துதான் சொல்ல முடியும்.

அரூர்: கடிகாரத்தைக் கழட்டிட்டேன். இப்ப மணி என்னன்னு தெரியலைங்க.

அதுதான் வேண்டும்.