முட்டையில்லாத பட்டர் கேக் நடுவில களி மாதிரி வருது

"2 முட்டைக்குப் பதிலா வாழைப்பழம் மசிச்சுப் போட்டன், கேக் எழும்பேல்ல, நடு களியா இருக்கு. தயிரா ஆளி விதையா நல்லம்?"

பழம் ஈரமும் இனிப்பும்தான் தரும், கேக்கைத் தூக்காது, அதான் நடு அமுங்கிக் களியாகுது. பட்டர் கேக்குக்குத் தயிர்தான் சரி அக்கா, ஒரு முட்டைக்குக் கால் கப், உங்களுக்கு அரை கப், அதோட கால் தேக்கரண்டி அப்பச்சோடா, தயிரின்ர புளிப்பு சோடாவில பட்டதும் காத்து கிளம்பிக் கலவையில சின்னச் சின்னக் குமிழி தெரியும், அது அடங்க முதல் ஓவனுக்குள்ள வச்சிடுங்கோ. வெள்ளவத்தையில சட்டியில வாங்கிற எருமைத் தயிர் கட்டியெண்டா கொஞ்சம் பால் விட்டு அடியுங்கோ.

ஆளி விதைத்தூள் 1 மேசைக்கரண்டிக்கு 3 மேசைக்கரண்டி தண்ணி விட்டுப் 10 நிமிஷம் வச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுக்கும், பிடிச்சு வைக்கும் ஆனா எழுப்பாது, பிஸ்கட்டுக்கு அருமை.