கைரேகை பட்ட லென்ஸில் எடுத்த காட்சி: மங்கலை எப்படிக் கழிப்பது?

கேள்வி: ஜன்னல் ஓரமாக ஒருவரை உட்கார வைத்துப் போனில் பேட்டி எடுத்தோம். லென்ஸில் கைரேகை இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. ஃபோகஸும் ஒலியும் நன்றாக இருக்கின்றன. ஆனால் படம் முழுக்க புகை படிந்த மாதிரி வெளுத்திருக்கிறது, ஜன்னல் பக்கம் இன்னும் மோசம். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் முகம் கறுத்து, ஜன்னல் வெடிக்கிறது. மறுபடி எடுக்க வாய்ப்பில்லை. டாவின்சி ரிசால்வில் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பகுதி சரியாகும். ஆனால் கான்ட்ராஸ்ட்டை வைத்து அல்ல. பிசுக்கு படிந்த லென்ஸ், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கைச் சிதறடித்துப் படம் முழுக்கத் தூவிவிடுகிறது. முடியின் கருமை, சட்டையின் நிறம் எல்லாம் அப்படியே இருக்கின்றன; அவற்றின் மேல் கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடிய ஒன்றைக் கழிக்க வேண்டும். நீங்களோ பெருக்கிப் பார்த்திருக்கிறீர்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. அதே நாளில் அதே போனில் ஜன்னலோ விளக்கோ சட்டகத்துக்குள் வராத ஷாட் ஏதாவது இருந்தால், படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மில் பாருங்கள். அதில் கருமை நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் குற்றவாளி லென்ஸ்தான். அங்கேயும் கருமை 6 சதவீதத்திலும் வெண்மை 92 சதவீதத்திலும் நின்றால் அது பிசுக்கு இல்லை. கிளிப்பின் டேட்டா லெவல் தவறாகப் படிக்கப்படுகிறது, கிளிப் அமைப்பில் Full, Video என்பதை மாற்றினாலே தீரும். கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துப் பதிவு செய்யும் லாக் முறையில் எடுத்த காட்சியும் இதேபோல எல்லா ஷாட்டிலும் ஒரே அளவில் வெளுத்திருக்கும். விளக்குகளிலிருந்து ஒரே திசையில் கோடு இழுத்த மாதிரி ஒளி நீண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்: யாரோ லென்ஸை விரலாலோ துணியாலோ ஒரு பக்கமாகத் துடைத்திருக்கிறார்கள். துடைத்த திசைக்குக் குறுக்கே அந்தக் கோடு விழும்.

இனி கழித்தல். இதை எங்கே செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமரா பதிவு செய்யும் எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவு அல்ல, காமா வளைவில் மடக்கப்பட்டவை. வெளிச்சம் கூடியது லென்ஸில், அதாவது மடக்குவதற்கு முன்னால். ஆகவே வளைவை விரித்துவிட்டுக் கழிக்க வேண்டும். ரிசால்வில் இது சுலபம்: ஒரு புது நோட் போட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, Gamma பட்டியலில் Linear தேர்ந்தெடுங்கள். அந்த நோட்டில் Offset சக்கரத்தைக் கீழே இறக்கினால் நேரடி வெளிச்சத்தில் கழிகிறது. மயிரிழை அசைவே போதும். லீனியரில் கருமை சட்டென்று சரியும்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டைம்லைன் காமா 2.4 என்று கொள்வோம். ஜன்னல் பக்கத்து முடி வேவ்ஃபார்மில் 18 சதவீதத்தில் நிற்கிறது, அதை 4க்குக் கொண்டுவர வேண்டும். லீனியரில் கழித்தால், 50இல் இருக்கும் கன்னம் 48க்கு வரும், 90இல் இருக்கும் திரைச்சீலை 89க்கு வரும். கிட்டத்தட்ட எதுவுமே நகரவில்லை, கருமை மட்டும் இறங்கியது. இதே வேலையை வழக்கமான நோட்டில் Lift சக்கரத்தால் செய்தால் கன்னம் 41க்குப் போய்விடும். அதைத் தூக்கப் போய் காமாவைக் கூட்டுவோம், மங்கல் திரும்பி வரும். முகம் கறுத்தது என்று நீங்கள் சொன்னதும் இந்த வகைதான். (கான்ட்ராஸ்ட் இன்னும் ஒரு படி மேல்: நடுவிலிருந்து இரு பக்கமும் இழுப்பதால் ஜன்னலையும் வெடிக்க வைக்கிறது.)

ஆனால் 18ஐப் பார்த்து மொத்தப் படத்தையும் இறக்கிவிடாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உள்ள முடி 10இல் நிற்கலாம். வேவ்ஃபார்மில் இரண்டு மடங்குகூட இல்லை என்று தோன்றும், லீனியரில் அது நாலு மடங்கு வித்தியாசம். எனவே முதல் நோட்டில், மங்கல் மிகக் குறைவாக உள்ள பக்கத்தை மட்டும் வைத்து அளவு எடுங்கள். அந்த 10 சுமார் 4க்கு வரும்வரை இறக்குங்கள். ஜன்னல் பக்கம் அப்போதும் 16 அளவில்தான் இருக்கும், பரவாயில்லை.

அதற்கு இரண்டாவது நோட், அதுவும் Linear. ஜன்னலை மையமாக வைத்து ஒரு வட்டப் பவர் விண்டோ போட்டு, ஓரத்தின் மென்மையைத் தாராளமாகக் கூட்டி, முகத்தின் பாதி வரை மெல்லத் தேய்ந்து போகும்படி பரப்புங்கள். அதற்குள் Offset-ஐ மேலும் இறக்குங்கள். இங்கே 4ஐ எட்ட நினைக்காதீர்கள், 6 அல்லது 7இல் நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு அருகில் கொஞ்சம் ஒளிர்வு இருப்பது கண்ணுக்கு இயல்பு. முழுக்கத் துடைத்தால் ஜன்னலைச் சுற்றி அழுக்கு வளையம் மாதிரி ஒரு கருநிழல் தெரியும். அதிகமாகக் கழித்துவிட்டோம் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

இதையெல்லாம் செய்யும்போது வேவ்ஃபார்மை, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்.ஜி.பி. பரேடாக மாற்றி வையுங்கள். மங்கலுக்கு அது வந்த வெளிச்சத்தின் நிறம் இருக்கும். பகல் ஜன்னல் என்றால் பெரும்பாலும் நீலத்தின் அடிமட்டம் மற்ற இரண்டையும்விட மேலே மிதக்கும். கறுப்பு முடி இருக்கும் இடத்தில் மூன்றின் அடியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி, நீலத்தின் Offset-ஐ மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். தோலின் நிறம் தானாகத் திரும்புவதைக் காண்பீர்கள். சாச்சுரேஷனைத் தொடும் ஆசையை அதுவரை அடக்கிவையுங்கள். பாதி நேரம் அது தேவையே படாது.

கேமரா அசையாமல் இருந்தால் இவ்வளவு போதும். கையில் பிடித்து எடுத்திருந்தால் விண்டோவை ஜன்னலோடு ட்ராக் செய்ய வேண்டும். அதோடு ஜன்னல் சட்டகத்தைவிட்டு வெளியேறும்போது மங்கலும் குறையும் என்பதால் இரு நோட்டின் Offset-க்கும் கீஃப்ரேம் தேவை. ஸ்டுடியோ பதிப்பில் உள்ள Dehaze இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். வெளியில் மூடுபனி தூரத்துக்கு ஏற்பக் கூடும், அந்த வகை மங்கலுக்கான கருவி அது. லென்ஸ் பிசுக்கு தூரத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து முகத்தையும் பின்சுவரையும் ஒன்றுபோல வெளுக்கிறது.

மீட்க முடியாதவையும் உண்டு. மங்கலோடு சேர்ந்து 100ஐத் தொட்டுத் தட்டையாகிவிட்ட இடத்தில் எதுவும் மிச்சமில்லை. மங்கலைக் கழித்தாலும் அதோடு வந்த நாய்ஸ் போகாது, இருட்டான பகுதியில் பொரிப்பொரியாகத் தெரியும். நாய்ஸ் குறைப்பைக் கழித்தலுக்கு முன்னாலுள்ள நோட்டில் போடுங்கள். போனில் 8 பிட்டில் பதிவாகியிருந்தால் இருண்ட சுவரில் பட்டை பட்டையாகப் படிகள் தோன்றலாம். கடைசி நோட்டில் மிக லேசாகக் கிரெய்ன் சேர்த்தால் அவை மறையும். சோதனையை ரிசால்வின் திரையில் முடித்துக்கொள்ளாமல் எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் பாருங்கள். கோப்பைச் சுருக்கும்போது அந்தக் கிரெய்ன் கரைந்து படிகள் திரும்பினால் பிட்ரேட்டைக் கூட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.