சுவர்களுக்கிடையே இறுகிய எஃகுக் கம்பியில் வெப்பத் தகைவு

"2 மீட்டர் கம்பியைவிட 4 மீட்டர் கம்பியில் வெப்பத் தகைவு இரட்டிப்பாகுமா?"

ஆகாது. நீளமான கம்பி கூடுதலாக விரியப் பார்க்கும். ஆனால் அந்த விரிவை நீளத்தால் வகுத்தால்தான் திரிபு. அங்கேயே நீளம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது σ = EαΔT. இதில் σ தகைவு, E எஃகின் மீள்குணகம், α அதன் வெப்ப விரிவுக் குணகம், ΔT வெப்பநிலை ஏறிய அளவு.

மதுரையில் மே மாத விடியலில் 25 டிகிரியில் பொருத்திய கம்பி, மொட்டைமாடி வெயிலில் 55 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைப்போம். 200000 × 0.000012 × 30 = 72 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. சாதாரண எஃகு நிரந்தரமாக உருக்குலைய 250 அளவுக்கு வேண்டும். சரி, தப்பித்தோமா?

இல்லை, நீளம் இங்கேதான் வேலையைக் காட்டும். 20 மி.மீ. விட்டமுள்ள 2 மீட்டர் கம்பியின் இரு முனைகளையும் அசையாமல் பதித்திருந்தால், சுமார் 20 டிகிரி ஏறியதுமே, 49 மெகாபாஸ்கலில் அது பக்கவாட்டில் வில்லாக வளையத் தொடங்கும். 4 மீட்டருக்கு 5 டிகிரியே போதும். முனைக்கு முனை நூல் பிடித்துப் பாருங்கள், நடுவில் இடைவெளி தெரியும்.